முதல் மாத்திரைக்கு முன்னர் கேட்க வேண்டிய கேள்விகள்

கவனக்குறைவும் அடங்காத துறுதுறுப்பும் ஒருங்கே காணப்படும் குழந்தைகளுக்கு நம் நாட்டு டாக்டர்கள் அளித்துவரும் மருந்துகளில் முதன்மையானது மெத்தில்பெனிடேட் என்பதாகும். ஊக்கி மருந்துகள் எனப்படும் இனத்தைச் சேர்ந்த இதனைக் குறித்துப் பெற்றோரிடையே இருவகை எண்ணங்கள் நிலவுகின்றன. இது மூளைக்கு வலுவூட்டும் டானிக் போன்றது என்பர் சிலர். இது போதைப்பொருள், இருதயத்தை நிறுத்திவிடும் என்பர் வேறு சிலர். இவ்விரண்டும் உண்மையல்ல. இம்மருந்தின் பயனும் இடரும் நன்கு ஆராயப்பெற்றவை. அவ்விடர்களைத் தவிர்ப்பதற்கு வேண்டிய கருவிகளோ மிக எளியவை: ஓர் எடைப்பொறி, உயரம் அளக்கும் கோல், இரத்த அழுத்தமானி, ஸ்டெதாஸ்கோப், தெளிவாகக் கேட்கப்பெறும் சில கேள்விகள். இவற்றுள் கடைசியாகக் கூறப்பட்டதே நம் ஊரில் பெரிதும் பழுதுபடுவது என்பது இக்கட்டுரையின் துணிபு.

மருந்தின் வரலாறு சுருக்கமானது. 1937ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில் சார்லஸ் பிராட்லி என்ற டாக்டர், தம் மருத்துவமனையில் தங்கியிருந்த 30 குழந்தைகளுக்குப் பென்சிடிரின் என்ற அம்பெட்டமின் மருந்தை ஒரு வாரம் கொடுத்துப் பார்த்தார். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் பள்ளிப் பாடங்களில் வியக்கத்தக்க முன்னேற்றம் காட்டினர். 1944இல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனியைச் சேர்ந்த லியாண்ட்ரோ பானிசோன் என்பார் மெத்தில்பெனிடேட்டை ஆக்கினார். நரம்பணுக்கள் வெளியிடும் டோப்பமின், நார்அட்ரினலின் என்னும் பொருள்கள் மீண்டும் அவ்வணுக்களுக்குள்ளேயே உறிஞ்சப்படுவதை இம்மருந்து தடுக்கிறது. அதனால் மூளையின் முற்பகுதியில் அவற்றின் அளவு கூடி, ஒன்றில் மனம் நிலைத்து நிற்கிறது. ஆனால் நார்அட்ரினலின் மூளைக்கு மட்டும் உரியதன்று. இருதயத் துடிப்பை விரைவுபடுத்துவதும் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதும் அதுவே. பசியை அடக்குவதும் உறக்கத்தைத் தள்ளிப்போடுவதும் இதே வேதியியல் மாற்றத்தின் மறுபக்கமேயன்றி மருந்தில் கலந்த நஞ்சினால் விளைவன அல்ல.

சட்டம் காப்பதும் காவாததும்

திருவனந்தபுரத்தின் கிழக்கேகோட்டையில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்று, மெடிக்கல் காலேஜ் வளாகத்திலோ வேறிடத்திலோ உள்ள டாக்டரிடமிருந்து இம்மருந்துக்குச் சீட்டு பெற்று வருவதாகக் கொள்வோம். சாலைக் கடைத்தெருவில் பாராசிட்டமால் வாங்குவது போல இதனை வாங்கிவிட முடியாது. 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் 'எக்ஸ்' அட்டவணை எனப்படும் பட்டியலில் மெத்தில்பெனிடேட் இடம்பெற்றுள்ளது. ஆகவே சீட்டு இரு படிகளாக எழுதப்பெறல் வேண்டும். அவற்றுள் ஒன்றைக் கடைக்காரர் இரண்டு ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்திலும் இது மனத்தைப் பாதிக்கும் பொருள்களுள் ஒன்றாகக் குறிக்கப்பட்டுள்ளது. 2020இல் வெளியிடப்பெற்ற தொலைமருத்துவ நெறிமுறைகள், இவ்வகை மருந்துகளைத் தொலைவிலிருந்தபடியே எழுதித் தருவதைத் தடை செய்தன.

இக்கட்டுப்பாடுகள் யாவும் தேவையானவையே. எனினும் அவை காப்பது எதனை என்று சிந்தித்தல் வேண்டும். மாத்திரைகள் கள்ளவழியில் செல்லாதிருக்க அவை காவல் செய்கின்றன. மாத்திரையை உண்ணும் குழந்தையை அவை நேரடியாகக் காப்பதில்லை. சீட்டில் நோயாளியின் பெயர், முகவரி, மருந்தின் அளவு ஆகியன இருத்தல் வேண்டும் என்று விதி கூறுகிறது. குழந்தையின் எடை, உயரம், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் குறிக்குமாறு அது கேட்பதில்லை. மாத்திரை எத்தனை என்பதற்குக் கணக்கு இருக்கிறது. குழந்தை எத்தனை கிலோ குறைந்தது என்பதற்கு இல்லை.

எல்லோருக்கும் ஈ.சி.ஜி. வேண்டுமா?

இம்மருந்தைத் தொடங்குமுன் இருதய மின்வரைபடம், அதாவது ஈ.சி.ஜி., எல்லாக் குழந்தைகளுக்கும் எடுக்க வேண்டுமா என்பது நெடுநாளைய வாதம். ஊக்கி மருந்து உட்கொண்ட சிலர் திடீரென இறந்ததாக வந்த அறிக்கைகளைக் கொண்டு, 2005 பிப்ரவரியில் கனடா அரசு அம்பெட்டமின் மருந்து ஒன்றின் விற்பனையை நிறுத்தியது. ஆறு மாதங்களுக்குப் பின் மீண்டும் அனுமதித்தது. 2008 ஏப்ரலில் அமெரிக்க இருதயச் சங்கம், மருந்து தொடங்குமுன் ஈ.சி.ஜி. எடுப்பது தக்கதே என்று கருத்துரைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் அதனை மறுத்து, எல்லோருக்கும் எடுக்க வேண்டியதில்லை என்றது. 2011இல் வெளிவந்த பேராய்வொன்று 12 இலட்சம் குழந்தைகள், இளைஞர்களின் மருத்துவப் பதிவுகளை அலசியது. ஓர் இலட்சம் பேரை ஓராண்டு கவனித்தால், திடீர் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் ஆகிய கடுமையான நிகழ்ச்சிகள் ஏறத்தாழ மூன்றுதான் நேர்ந்தன. மருந்து உண்போரிடம் அவை கூடியதாகச் சான்று கிட்டவில்லை.

ஈ.சி.ஜி. எளியது, வலியற்றது, செலவும் அதிகமில்லை; எடுத்துவிட்டால் என்ன குறை என்று வாசகர் வினவலாம். கணக்கிட்டுப் பார்த்தால் விடை விளங்கும். விளக்கத்திற்காக மட்டும் சில எண்களை நாமே வைத்துக்கொள்வோம். 10,000 குழந்தைகளுள் 20 பேருக்கு மறைவான இருதயக் குறை உண்டென்றும், ஈ.சி.ஜி. அவர்களுள் 15 பேரைக் காட்டிக்கொடுக்கும் என்றும் கொள்வோம். மீதமுள்ள 9,980 பேரும் நலமுள்ளவர்கள். அவர்களுள் நூற்றுக்கு ஐவரின் வரைபடம் ஏதோ ஒரு வகையில் மாறுபட்டுத் தோன்றினால், 499 குழந்தைகள் சந்தேகத்திற்கு உள்ளாவர். ஆக, அச்சுறுத்தப்பட்ட 514 குடும்பங்களுள் 15க்குத்தான் உண்மையில் குறை. எஞ்சிய ஐந்து குழந்தைகளோ 'வரைபடம் நன்று' என்ற பொய்யான ஆறுதலுடன் வீடு திரும்புவர்.

மற்றொரு சங்கடமும் உண்டு. குழந்தையின் வரைபடம் பெரியவர்களுடையதைப் போல் இராது. துடிப்பு விரைவாக இருக்கும். மார்பின் வலப்புறத்தை ஒட்டிய பதிவுகளில் 'டி' அலை கீழ்நோக்கி அமைந்திருக்கும். எட்டு வயதில் இது இயல்பு. நாற்பது வயதில் நோய். பெரியவர்களின் வரைபடங்களையே பார்த்துப் பழகியவர் குழந்தையின் வரைபடத்தைப் படித்தால் இல்லாத நோயைக் காண்பார். இதற்கு மாறாக, இருதயத்திற்கு இரத்தம் அளிக்கும் குழாய் பிறவியிலேயே இடம்மாறி முளைத்திருந்தால், ஓய்வில் எடுத்த வரைபடம் முற்றிலும் சீராகவே இருக்கக்கூடும். விளையாட்டு மைதானத்தில் ஓடும்போது மயங்கி விழுவதே அதன் முதல் அறிகுறியாகலாம்.

ஆகவே பிரிட்டனின் நைஸ் நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டி ஒரு நடுவழியை மேற்கொண்டது. அதன்படி, கேள்விகளும் உடற்பரிசோதனையும் குறையேதும் காட்டாவிடில் ஈ.சி.ஜி. தேவையில்லை. குறை காட்டினால் ஈ.சி.ஜி. மட்டும் போதாது, இருதய நிபுணரின் கருத்தைப் பெற்ற பின்னரே மருந்து தொடங்க வேண்டும். நமக்கும் இதுவே பொருந்தும் என்பது என் கருத்து. ஆனால் இவ்வழியில் எல்லாச் சுமையும் கேள்விகளின்மேல் விழுகிறது. கேள்வி சரிவரக் கேட்கப்படாத இடத்தில் இவ்வழி வழியே அன்று.

'மயக்கம்' என்னும் சொல்

கேட்க வேண்டியவை நீண்ட பட்டியல் அல்ல. குழந்தைக்குப் பிறவி இருதயக் குறை உண்டா, இருதய அறுவை நடந்ததா? ஓடும்போதோ, திடுக்கிடும்போதோ, பேரொலி கேட்டோ நினைவிழந்து விழுந்ததுண்டா? ஒத்த வயதினரை விட விரைவில் மூச்சு வாங்குகிறதா? இருதயம் திடீரெனப் படபடவென அடித்துத் திடீரென நிற்பதுண்டா? உழைக்கும்போது நெஞ்சு வலிக்கிறதா? நெருங்கிய உறவினர் எவரேனும் 40 வயதுக்கு முன் திடீரென இறந்தனரா? இவற்றின்பின் ஸ்டெதாஸ்கோப்பால் மார்பைக் கேட்டு, முணுமுணுப்பொலி உண்டா என்று பார்த்து, நாடியையும் இரத்த அழுத்தத்தையும் அளந்தால் பரிசோதனை முடிந்தது. பத்து நிமிடங்களில் நிறைவேறக்கூடிய வேலை.

மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ளோர்க்கு இப்பட்டியலின் இரண்டாம் கேள்வியே கவலை தருவது. நினைவிழந்து விழுதலைத் தமிழர் 'மயக்கம்' என்போம். தலை சுற்றுவதையும் மயக்கம் என்போம். பசியால் கண் இருளுவதும் மயக்கமே. வாந்தி வருமுன் தோன்றும் அருவருப்பையும் சிலர் அச்சொல்லாலேயே குறிப்பர். மலையாளத்திலோ அதே சொல் அரைத்தூக்கத்தை, கண்ணயர்தலைக் குறிக்கும். நினைவிழத்தலுக்கு அம்மொழியினர் வழங்குவது 'போதக்கேடு' என்ற சொல், தலைசுற்றலுக்குத் 'தலைகறக்கம்'. கிழக்கேகோட்டைத் தாய் ஒருத்தி மலையாள டாக்டரிடம், "ஓடினால் பையனுக்கு மயக்கம் வருகிறது" என்று கூறுவாளாயின், ஓடிக் களைத்த சிறுவன் கண்ணயர்கிறான் என்று அவர் கொள்வதற்கு இடமுண்டு. இருதய நிபுணரிடம் அன்றே அனுப்பப்பட வேண்டிய குழந்தை, சீட்டுடன் கடைக்கு அனுப்பப்படும். இதில் தாயின் பிழையுமில்லை; டாக்டரின் பிழையுமில்லை. ஒரே ஒலியுடைய சொல் இரு மொழிகளில் இரு பொருள் தாங்கி நிற்பதன் விளைவு அது.

தமிழ் டாக்டரும் தமிழ்த் தாயும் பேசிக்கொள்ளும் இடத்திலும் இத்தொல்லை முற்றும் நீங்கிவிடுவதில்லை. 'படபடப்பு' என்பது இருதயம் விரைந்தடிப்பதையும் குறிக்கும். பரீட்சைக்கு முன் தோன்றும் பதற்றத்தையும் குறிக்கும். ஆதலின் பெயர்ச்சொல்லை விடுத்து நிகழ்ச்சியை வினவுவதே நன்று. "மயக்கம் வந்ததா?" என்று கேளாமல், "தரையில் விழுந்தானா? கூப்பிட்டபோது பதில் சொன்னானா? விழுமுன் என்ன செய்துகொண்டிருந்தான்? எழுந்தபின் தன்னை அறிய எவ்வளவு நேரம் ஆயிற்று?" என்று கேட்டல் வேண்டும். வெயிலில் நெடுநேரம் நின்று, கண் இருண்டு, வியர்த்து விழுந்த குழந்தையைப் பற்றி அஞ்ச வேண்டுவது குறைவு. ஓடிக்கொண்டிருக்கையில் முன்னறிவிப்பின்றி வெட்டுண்ட மரம்போல் விழுந்த குழந்தையைப் பற்றியே அஞ்சுதல் வேண்டும்.

நம் குடும்ப வழக்கம் ஒன்றையும் இங்கே கருதல் வேண்டும். தாய்மாமனையோ அத்தை மகனையோ மணக்கும் வழக்கம் தமிழரிடையே இன்றும் அற்றுப்போகவில்லை. பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒரே குறையுள்ள மரபணுவைப் பெற்றால் மட்டும் வெளிப்படும் நோய்கள் இத்தகைய மணத்தில் கூடுதலாகத் தோன்றும். 1957இல் நார்வே நாட்டு டாக்டர்களான ஜெர்வெல், லாங்கே நீல்சன் ஆகியோர் விவரித்த நோய் அவற்றுள் ஒன்று. பிறவியிலேயே காது கேளாத அக்குழந்தைகள் அச்சத்திலும் ஓட்டத்திலும் நினைவிழந்து விழுவர். வரைபடத்தில் 'க்யூ-டி' இடைவெளி நீண்டிருக்கும். விழும்போது கை கால் இழுப்பதால், இந்நோயை வலிப்பு என்று கருதி ஆண்டுக்கணக்கில் வலிப்பு மருந்து கொடுப்பதும் உண்டு. எனவே, "வீட்டில் எவரேனும் இளமையில் இறந்தனரா?" என்ற கேள்வியுடன், "குழந்தையின் பெற்றோர் உறவுமுறையினரா? உடன்பிறந்தார் எவருக்கேனும் காது கேளாமையோ வலிப்போ உண்டா?" என்பதையும் சேர்த்தல் நம் நாட்டிற்கு இன்றியமையாதது. "குளத்தில் மூழ்கி இறந்தான்" என்று கூறப்படும் நீச்சல் தெரிந்த சிறியதந்தையின் கதையையும் முழுவதும் கேட்டல் வேண்டும். அது வெறும் விபத்தாக இராமலும் இருக்கலாம்.

பிறவி இருதயக் குறையுள்ள குழந்தைகளுக்குத் திருவனந்தபுரத்தின் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தில் நெடுங்காலமாகச் சிகிச்சை அளிக்கப்பட்டு வருகிறது. கேரள அரசு 2017இல் தொடங்கிய 'ஹிருத்யம்' திட்டத்தின்கீழ் இத்தகைய குழந்தைகள் பதிவுசெய்யப்பெற்று இலவசமாக அறுவை பெறுகின்றனர். கைக்குழந்தையில் அறுவை பெற்று நலமடைந்தோரிடம் பள்ளி வயதில் கவனக்குறைவு மற்றவரைவிட மிகுதியாகக் காணப்படுகிறது. ஆகவே இருதய அறுவையின் வடு மார்பிலும், கவனக்குறைவு மருந்தின் சீட்டு கையிலுமாக ஒரே குழந்தை நிற்பது அரிய காட்சியன்று. அத்தகையோர்க்கு இம்மருந்தை அறவே மறுக்க வேண்டுவதில்லை. ஆனால் அறுவை செய்த இடத்தின் கருத்து முதலில் எழுத்தில் பெறப்படல் வேண்டும்.

ஒரு சிறுவனின் ஆறு மாதங்கள்

இனி, எல்லாக் கேள்விகளுக்கும் 'இல்லை' என்ற விடை தந்த சிறுவன் ஒருவனைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். எட்டு வயது, எடை 24 கிலோ, உயரம் 125 சென்டிமீட்டர், நாடி நிமிடத்திற்கு 88, இரத்த அழுத்தம் 98க்கு 62. மார்பில் முணுமுணுப்பொலி இல்லை. காலை உணவுக்குப் பின் 5 மில்லிகிராம், நண்பகலில் 5 மில்லிகிராம் என்று தொடங்குகின்றனர். சாதாரண மாத்திரையின் விளைவு மூன்று அல்லது நான்கு மணி நேரமே நிற்கும், ஆதலின் இருவேளை. பின்னர் வாரந்தோறும் விளைவைப் பார்த்து அளவு சிறிது சிறிதாக உயர்த்தப்படுகிறது.

ஆறு வாரங்கள் சென்றபின் ஆசிரியர் மகிழ்ச்சியுடன் இருக்கிறார். நாடி 94, அழுத்தம் 101க்கு 65. இவ்வளவு உயர்வு எதிர்பார்க்கத்தக்கதே. சராசரியாக நாடி மூன்று முதல் ஆறு துடிப்பும், அழுத்தம் இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டரும் கூடும் என்று மருந்தின் குறிப்பேடு கூறுகிறது. ஓய்வில் நாடி 120ஐத் தாண்டினாலோ, வயதுக்குரிய மேலெல்லையை அழுத்தம் இருமுறை தாண்டினாலோதான் அளவைக் குறைத்து நிபுணரை நாட வேண்டும். ஆனால் எடைப்பொறி வேறு செய்தி சொல்கிறது. எடை 23 கிலோ 100 கிராம். ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பங்கு குறைவு. முதல் அளவை எவரும் குறித்திராவிடில் இக்குறைவு கண்ணுக்கே புலப்பட்டிராது. "பையன் சற்று மெலிந்திருக்கிறான்" என்ற பேச்சோடு முடிந்திருக்கும்.

காரணம் மதியச் சோற்றுப் பாத்திரத்தில் இருக்கிறது. இரண்டாம் மாத்திரை விழுங்கும் வேளையில் முதல் மாத்திரையின் விளைவு முற்றும் தணியவில்லை. அதனால் பசி எழவில்லை. பாத்திரம் பாதியோடு வீடு திரும்புகிறது. மாலை ஐந்து மணிக்கு மருந்து இறங்கியதும் பசி ஒருசேரக் கிளம்புகிறது. அந்நேரம் வீட்டில் கிடைப்பது தேநீரும் பிஸ்கோத்துமே. ஆகவே சீர்திருத்த வேண்டியது உணவின் காலத்தை. காலையில் மாத்திரைக்கு முன்பே வயிறார இட்லியோ புட்டும் கடலையுமோ தரவேண்டும். மதியம் வற்புறுத்தாமல் சிறிதளவே தந்தால் போதும். மாலை ஐந்து மணிக்குச் சிற்றுண்டிக்கு மாறாக முழு உணவு, அதாவது சோறு, பருப்பு, முட்டை அல்லது மீன் தரவேண்டும். படுக்குமுன் பாலும் நேந்திரம்பழமும் சேர்க்கலாம். மதியத்தில் தட்டிக் கழித்ததை மாலையிலும் இரவிலும் ஈடுசெய்தால் நாளின் மொத்தம் நிறைந்துவிடும்.

ஆறாம் மாதத்தில் எடை 24 கிலோ 600 கிராம். உயரம் 127 சென்டிமீட்டர். குறைந்தது மீண்டுவிட்டது என்று தாய் நிறைவடைவாள். ஆனால் இவ்வயதில் ஆண்டுக்கு இரண்டு கிலோவுக்கு மேல் எடையும், ஐந்தாறு சென்டிமீட்டர் உயரமும் கூடுதல் இயல்பு. அரையாண்டில் 600 கிராமும் 2 சென்டிமீட்டரும் என்பது சற்றுக் குறைவே. உயரம் குன்றுவது உண்மையா என்ற ஐயம் 1972இல் சேபர் முதலிய டாக்டர்கள் எழுதிய கட்டுரையிலேயே எழுந்தது. பின்னர் அமெரிக்காவில் நடைபெற்ற பெரிய ஆய்வொன்றில், மூன்று ஆண்டுகளில், புதிதாக மருந்து தொடங்கிய குழந்தைகள் மருந்து உண்ணாதவரை விட 2 சென்டிமீட்டர் உயரமும் 2.7 கிலோ எடையும் குறைந்திருந்தனர். இது அஞ்சி ஓடத்தக்க அளவன்று, புறக்கணிக்கத்தக்கதும் அன்று. ஆதலின் பத்து வயதுக்கு உட்பட்டோர்க்கு மூன்று மாதத்திற்கொருமுறை எடையும், ஆறு மாதத்திற்கொருமுறை உயரமும் அளந்து வளர்ச்சி வரைபடத்தில் புள்ளியிடல் வேண்டும். கோடு தன் பாதையை விட்டுக் கீழிறங்கினால், டாக்டர் கோடை விடுமுறையில் மருந்தை நிறுத்திவைக்கவோ, அளவைக் குறைக்கவோ, மருந்தை மாற்றவோ கூடும்.

உறக்கத்தின் நிலை சிறிது வேறுபட்டது. இச்சிறுவன் இரவு பதினொரு மணிவரை விழித்திருக்கிறான் என்று தாய் முறையிட்டால், குற்றவாளி மருந்தே என்று உடனே தீர்ப்பளித்தல் ஆகாது. இக்கோளாறுள்ள குழந்தைகள் பலர் மருந்துக்கு முன்பே நேரங்கழித்துத் துயில்பவர்கள். ஆகவே முதல் மாத்திரைக்கு முந்திய ஒரு வாரம், படுத்த நேரம், உறங்கிய நேரம், எழுந்த நேரம் ஆகிய மூன்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்தல் வேண்டும். முன்பு ஒன்பதரைக்கு உறங்கியவன் இப்போது பதினொன்றுக்கு உறங்கினால், அடுத்துப் பார்க்க வேண்டியது கடைசி மாத்திரையின் நேரம். பள்ளியில் கொடுக்க மறந்து, வீட்டுப் பாடத்திற்காக நான்கரை மணிக்குக் கொடுத்திருந்தால் விடை தெளிவு. மறந்த மதிய மாத்திரையை மாலையில் ஈடுசெய்தல் கூடாது. அன்று விட்டுவிடுதலே முறை. முன்பும் பதினொன்றுக்கே உறங்கியவனாயின், மருந்தைக் குறைப்பதால் பயனில்லை. இரவு விளக்கையும் செல்போனையும் அணைப்பதே சிகிச்சை. இனி, மாலை ஐந்து மணியளவில் குழந்தை காரணமின்றி அழுது எரிந்து விழுந்தால், அது மருந்தின் மிகுதியன்று, மருந்து இறங்குவதன் அடையாளம். இரண்டையும் குழப்பிக்கொண்டு அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் வீண்.

இவற்றோடு ஒன்று சொல்லிவைத்தல் வேண்டும். மருந்து உண்ணும் குழந்தை ஓடும்போது நினைவிழந்து விழுந்தாலோ, உழைக்கையில் நெஞ்சுவலி கண்டாலோ, அடுத்த மாத்திரையைக் கொடாது அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். தொடங்குமுன் கேட்ட கேள்விகளுக்கு 'இல்லை' என்று விடை கிடைத்திருப்பினும் இதில் மாற்றமில்லை. அன்றைய விடை அன்று வரைக்குமே செல்லும்.

சீட்டிலேயே இடம் உண்டு

இவையனைத்திற்கும் புதிய ஆஸ்பத்திரியோ விலையுயர்ந்த கருவியோ வேண்டுவதில்லை. இரு படிகளாக எழுதப்படும் சீட்டு ஏற்கெனவே உள்ளது. அதன் ஒரு படி இரண்டு ஆண்டுகள் காக்கப்படுகிறது. அதே சீட்டில் எடை, உயரம், நாடி, இரத்த அழுத்தம் ஆகிய நான்கு எண்களை எழுதுமாறும், 'இருதயக் கேள்விகள் கேட்கப்பட்டன. மார்பு கேட்கப்பட்டது' என்ற ஒரு வரியைச் சேர்க்குமாறும் விதி வகுத்தால் என்ன? ஒவ்வொரு முறை சீட்டு புதுப்பிக்கப்படும்போதும் முந்தைய எண்களுக்கு அருகில் புதிய எண்கள் நிற்கும். குறைவு கண்ணில் படாமல் போகாது.

அதிக நோயாளிகளைக் காணும் டாக்டருக்கு இது மேலும் ஒரு சுமை என்று சிலர் கூறுவர். அது நியாயமான மறுப்பே. எனினும் எடையும் உயரமும் நாடியும் அளப்பது நர்ஸ் செய்யக்கூடிய வேலை. கேள்விகளை அச்சிட்ட தாளாகப் பெற்றோரிடம் காத்திருக்கும் வேளையிலேயே தரலாம். டாக்டரின் கையில் மிஞ்சுவது ஸ்டெதாஸ்கோப் மட்டுமே. எல்லோருக்கும் ஈ.சி.ஜி. எடுத்து, அதனைப் படிக்கத் தெரிந்தவரைத் தேடி அலைவதைக் காட்டிலும் இது சிறிய சுமை.

அச்சிடும் அத்தாள் இவ்வூரில் தமிழிலும் மலையாளத்திலும் அருகருகே இருத்தல் வேண்டும். அதில் 'மயக்கம்' என்ற சொல் இடம்பெறலாகாது. "நினைவு தப்பித் தரையில் விழுந்ததுண்டா?" என்றே அது கேட்க வேண்டும்.